சிவப்புக் கட்டத்தில் ஒரு மாத்திரை

ராசிபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஒன்பது மாதமாக என்னிடம் வருகிறார். வயது 61. ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மனைவி போன பிறகு சாப்பாடு இறங்காமல், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு, வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டுத்தான் முதலில் வந்தார். எஸ்சிட்டலோபிராம் 5 மில்லிகிராமில் ஆரம்பித்து இரண்டு வாரம் கழித்து 10 ஆக்கினேன். மூன்றாம் மாதம் தூக்கம் திரும்பியது. ஐந்தாம் மாதம் ஆலைக்குப் போனார். ஏழாம் மாதம், பேத்திக்குக் கொலுசு வாங்கிய கதையை நான் கேட்காமலே சொன்னார்.

போன வாரம் அவர் முகம் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அப்பாவின் மேல் அக்கறையில் எச்சில் மாதிரி எடுத்து அனுப்பி, 'உங்கள் மரபணுவுக்கு ஏற்ற மனச்சோர்வு மாத்திரை' என்று சொல்லும் பரிசோதனை ஒன்றைச் செய்திருந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் வண்ண அச்சில் ஓர் அறிக்கை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டம். சிவப்புக் கட்டத்தில் இரண்டாவது வரியில் எஸ்சிட்டலோபிராம்.

"ஏனுங்க சார், ஒம்பது மாசமா எனக்கு ஆகாத மாத்திரையவா தின்னுட்டிருக்கேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அதே பொருளில் வேறொரு கேள்வி மருத்துவமனைக்கு எதிரே உள்ள டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தது. எங்கள் துறையில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவிக்கு வெள்ளிக்கிழமை ஜர்னல் கிளப் முறை. புதிதாக வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையை எல்லோர் முன்னிலும் பிரித்துப் போட்டு, அதை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல வேண்டும். அவர் எடுத்திருந்தது இந்தப் பரிசோதனையைப் பற்றித்தான்.

"சார், ஒரு பேப்பர் வேலை செய்யுதுங்குது, அதே பேப்பரே கடைசில வித்தியாசம் இல்லைங்குது. நான் எந்தப் பக்கம் நிக்கிறது?"

"ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

பேப்பருக்குப் போவதற்கு முன்னால் இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் தீர்மானிக்கிறது. அங்கே மருந்தை உடைத்துக் கழிக்கும் என்சைம்கள் இருக்கின்றன. மனச்சோர்வு மாத்திரைகளுக்கு முக்கியமானவை இரண்டு: சிப்-2சி19, சிப்-2டி6. எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராம், செர்ட்ராலின் ஆகியவை பெரிதும் முதலாவதின் பொறுப்பு. பராக்ஸெடின், வென்லாஃபாக்ஸின் இரண்டாவதின் பொறுப்பு. இந்த என்சைமைக் கட்டும் மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு நகலாக வருகிறது. இரண்டும் பழுதில்லாமல் இருந்தால் மருந்து வழக்கமான வேகத்தில் கழியும். ஒன்று பழுதானால் வேகம் கொஞ்சம் குறையும். இரண்டுமே பழுதென்றால் அந்தப் பாதை ஏறத்தாழ அடைபட்டுப் போகும்; மருந்து தேங்கும்.

பெரியவரின் அறிக்கையில் இருந்தது இந்த ஒரு வரி:

`CYP2C19 *2/*2 – Poor metabolizer`

நட்சத்திரக் குறி போட்ட 2 என்பது பழுதான நகலுக்கு வைத்திருக்கும் எண். அது இரண்டு தடவை வந்திருப்பதால் அவர் மெதுவாகக் கழிப்பவர். இந்த வரியில் சந்தேகப்பட எதுவும் இல்லை. சோதனைக்கூடம் ஒழுங்காக வேலை பார்த்திருந்தால் இது கல்வெட்டு, நாளைக்கு மாறாது.

"அப்புறம் என்ன சார் பிரச்சனை?"

இந்த வரிக்கும் சிவப்புக் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பிரச்சனை. மருந்து ரத்தத்தில் எவ்வளவு ஏறும் என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. 'இந்த மருந்து உனக்குப் பலிக்காது' என்பது அதில் இல்லை. மூளைக்குள் போன மருந்து அந்த மனிதரின் சோர்வைத் தூக்குமா என்பது வேறு கேள்வி. அதையும் சொல்கிறோம் என்று சில அறிக்கைகள் செரட்டோனின் கடத்தி, செரட்டோனின் ஏற்பி ஆகியவற்றின் மரபணுக்களையும் சேர்த்துக்கொள்கின்றன. மருந்து-மரபணு வழிகாட்டிகளை எழுதும் சிபிக் என்ற பன்னாட்டுக் குழு 2023-இல் மனச்சோர்வு மாத்திரைகளுக்கான வழிகாட்டியைப் புதுப்பித்தபோது அந்த இரண்டு மரபணுக்களையும் எடுத்துப் பார்த்தது. அவற்றை வைத்து மருந்து எழுதப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒதுக்கியும் விட்டது. கல்லீரல் என்சைம்களுக்கு மட்டும்தான் அது பரிந்துரை தந்திருக்கிறது. மெதுவாகக் கழிப்பவருக்கு எஸ்சிட்டலோபிராம் விஷயத்தில் அது சொல்வது இதுதான்: இந்தப் பாதையைச் சாராத வேறு மருந்தைப் பார்; இதையே கொடுப்பதானால் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாக ஏற்றி, வழக்கமான அளவில் பாதியளவில் நிறுத்து. சிவப்பு என்ற வண்ணம் இந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு எழுந்து போய்விட்டது.

எவ்வளவு தேங்கும் என்பதற்கும் நல்ல கணக்கு இருக்கிறது. ஓஸ்லோவில் எஸ்சிட்டலோபிராம் எடுத்த 2,087 பேரின் ரத்த அளவுகளையும் மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. இரண்டு நகலும் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் மருந்து சராசரியாக 3.3 மடங்கு. ஓராண்டுக்குள் அந்த மருந்தை விட்டு வேறு மருந்துக்கு மாறியவர்களும் இவர்களில் ஏறத்தாழ அதே அளவு மடங்கு அதிகம். இந்தச் சராசரியைப் பெரியவருக்குப் பொருத்திப் பார்த்தால், அவர் விழுங்கும் 10 மில்லிகிராம் வழக்கமாகக் கழிக்கும் ஒருவர் 33 விழுங்குவதற்குச் சமம். 20-க்கு ஏற்றியிருந்தால் 66. சராசரி சராசரிதான், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஆனாலும் ஒன்று புரியும்: 10-லேயே அவர் தேறியதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மாணவி நோட்டை எடுத்தார். "நம்ம ஊர்ல இந்த மாதிரி ஆளுங்க எவ்வளவு பேர் சார் இருப்பாங்க?"

அருமையான கேள்வி. இதற்கு ஓஸ்லோவரை போக வேண்டாம், புதுச்சேரி போனால் போதும். ஜிப்மரின் மருந்தியல் துறையில் ஆதித்தன் தலைமையில் இருந்த குழு தமிழர்களிடம் இந்த மரபணுவைத் தேடிப் பார்த்து 2003 முதல் வெளியிட்டு வந்திருக்கிறது. அவர்கள் கண்டது, நூறு நகலுக்கு ஏறத்தாழ 35-லிருந்து 38 வரை பழுதான நகல். ஐரோப்பியர்களிடம் இது 15 அளவில்தான்.

இந்த இரண்டு எண்ணையும் அப்படியே வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. இரண்டு நகலும் பழுதாக வரும் வாய்ப்பைப் பார்க்கும்போதுதான் விஷயம் திறக்கிறது. அதற்கு அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். 0.15-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 0.0225, அதாவது ஐரோப்பாவில் நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர். 0.36-ஐ 0.36-ஆல் பெருக்கினால் 0.13, நம்மிடம் எட்டுப் பேருக்கு ஒருவர். இந்தக் கணக்கு ஆண்-பெண் சேர்க்கை உறவு பார்க்காமல் நடக்கிறது என்ற அனுமானத்தில் போடுவது. சேலம், நாமக்கல் பக்கம் அந்த அனுமானத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். தாய்மாமனைக் கட்டிய தம்பதியின் பிள்ளைக்கு இரண்டு நகலும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு எட்டில் ஒரு பங்கு. அதையும் சேர்த்தால் அந்தப் பிள்ளைக்கு 13 சதவீதம் 16-ஐ நெருங்கும். பழுதான நகல் ஏற்கெனவே ஊர் முழுக்கப் பரவிக் கிடப்பதால், உறவுக்குள் கட்டுவது இதில் பெரிதாகக் கூட்டவில்லை.

எங்கள் பழைய பேராசிரியர்கள் 'நம்மாளுக்கு அஞ்சுல ஆரம்பி' என்று சொல்லிக்கொடுத்ததற்கு மரபணு ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அவர்களுக்கு அந்த மரபணுவைப் பற்றித் தெரியாது. நோயாளி மறுவாரமே வந்து 'குமட்டுதுங்க, கை நடுங்குதுங்க' என்று சொன்னது தெரியும்.

டீ வந்தது. கண்ணாடி கிளாஸ் சுட்டதால் விளிம்பைப் பிடித்துக்கொண்டே மாணவி கேட்டார்: "அப்ப நம்ம ஊருக்கு இந்த டெஸ்ட் இன்னும் நல்லதுதானே சார்?"

இங்கேதான் பெரும்பாலானவர்கள் வழுக்குகிறார்கள். என்சைம் பழுதானால் மருந்து தேங்கும் என்பது உண்மை. பழுது நம்மிடம் அதிகம் என்பதும் உண்மை. இரண்டையும் கூட்டினாலும், 'பரிசோதனை செய்தால் நோயாளி சீக்கிரம் தேறுவார்' என்பது வந்துவிடாது. அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். பரிசோதனை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து, யார் தேறினார்கள் என்று எண்ண வேண்டும். அப்படி எண்ணிய பெரிய ஆய்வுகளில் இரண்டை அவர் கட்டாயம் பேச வேண்டும்.

முதலாவது கைடட். அமெரிக்காவில் 60 இடங்களில் நடந்தது, 2019-இல் வெளியானது, பணம் போட்டது பரிசோதனையை விற்கும் நிறுவனமே. ஒரு மருந்தாவது சரியாகப் பலிக்காத 1,167 பேரின் கணக்கு அதில் இருக்கிறது. நோயாளிக்கும் மதிப்பெண் போடுபவருக்கும் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. மருந்து எழுதும் மருத்துவருக்குத் தெரியும். எட்டாவது வாரத்தில் ஹாமில்டன் அளவுகோலில் மதிப்பெண் எத்தனை சதவீதம் குறைந்தது என்பதைத்தான் முதன்மை முடிவாகப் பார்ப்போம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். பரிசோதனைப் பக்கம் 27.2 சதவீதம் குறைந்தது. வழக்கமான சிகிச்சைப் பக்கம் 24.4. பி மதிப்பு 0.107.

"20 மதிப்பெண்ணோட வந்த ஆளுக்கு இது எவ்வளவு, போட்டுப் பாரும்மா."

அவர் நோட்டின் ஓரத்தில் போட்டார். ஒரு பக்கம் 5.4 குறையும், இன்னொரு பக்கம் 4.9. "அரை மார்க் சார்." மொத்தம் 52 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் அரை மதிப்பெண். அதுவும் தற்செயலாக வந்திருக்கலாம் என்று விலக்க முடியாத அரை மதிப்பெண்.

ஆனால் விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பது இதை அல்ல. பாதிக்கு மேல் குறைந்தவர்கள் 26.0 சதவீதம், எதிர்ப்பக்கம் 19.9. முழுதும் தேறியவர்கள் 15.3 சதவீதம், எதிர்ப்பக்கம் 10.1. இவை இரண்டும் இரண்டாம் நிலை முடிவுகள். பி மதிப்பும் 0.05-க்குக் கீழே இருந்தது. கணக்கில் பார்டரில் ஃபெயிலான பையன் வீட்டுக்கு வந்து ஓவியத்தில் வாங்கிய மார்க்கைக் காட்டுவதுபோல என்று சொல்லலாம். ஆனால் அதைவிடவும் நுட்பமான விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. இந்த இரண்டும் வேறு பாடமே இல்லை. அதே ஹாமில்டன் மதிப்பெண்ணில் ஓர் இடத்தில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே போனவர்களை எண்ணினால் இவை கிடைக்கின்றன. 8 மதிப்பெண் எடுத்தவர் தேறாதவர், 7 எடுத்தவர் தேறியவர். கோட்டுக்குப் பக்கத்தில் நிறையப் பேர் நின்றால் ஒரு மதிப்பெண் நகர்ந்ததும் கூட்டமாகத் தாண்டிவிடுவார்கள், சராசரி அசைந்திருக்காது. அதற்காக அந்த முடிவுகளைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. 'இது அடுத்த ஆய்வில் சோதிக்க வேண்டிய யூகம்' என்ற இடத்தில் வைக்க வேண்டும்.

அந்த அடுத்த ஆய்வுதான் மாணவி எடுத்து வந்த பேப்பர். பிரைம் கேர். ஜாமா இதழில் 2022 ஜூலையில் வந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான 22 மருத்துவ மையங்களில், மருந்து தொடங்கவோ மாற்றவோ இருந்த 1,944 பேர். பாதிப் பேரின் மருத்துவருக்கு அறிக்கை உடனே போனது. மீதிப் பேரின் அறிக்கையை 24 வாரம் பூட்டி வைத்தார்கள். பணம் அரசாங்கத்துடையது. பெரிய ஆய்வு, யோக்கியமாகச் செய்த ஆய்வு. குறை சொல்வதற்கு முன்னால் இதையும் மேடையில் சொல்ல வேண்டும் என்றேன். ஜர்னல் கிளப்பில் சிலர் அரிவாளோடு மட்டும் வருவார்கள்.

அறிக்கை மருத்துவரின் கையை மாற்றியதா என்பதை முதலில் பார்த்தார்கள். மாற்றியது, நன்றாகவே மாற்றியது. அறிக்கையின் கணக்குப்படி மரபணுவோடு மோதாத மருந்து, அதாவது பச்சை, பரிசோதனைப் பக்கம் 59.3 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, எதிர்ப்பக்கம் 25.7. பெரிதாக மோதும் மருந்து, அதாவது சிவப்பு, ஒரு பக்கம் 10.7 சதவீதம், இன்னொரு பக்கம் 19.7.

நோயாளிகள் தேறினார்களா என்பது அடுத்தது. 24 வாரம் முழுக்கவும் சேர்த்துப் பார்த்தால் பரிசோதனைப் பக்கம் தேறியவர்கள் 2.8 சதவீதப் புள்ளி அதிகம். 95 சதவீத இடைவெளி 0.6-லிருந்து 5.1 வரை; பூஜ்யத்தைத் தொடவில்லை. ஆனால் 24-ஆவது வாரத்தில் நின்று எண்ணினால் ஒரு பக்கம் 130 பேர், மறுபக்கம் 126 பேர். வித்தியாசம் 1.5 புள்ளி, இடைவெளி பூஜ்யத்துக்குக் கீழே தொடங்கி மேலே முடிகிறது. வேலை செய்தது என்பதும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒரே பேப்பரில் இருப்பது இப்படித்தான். நடுவில் கொஞ்சம் முந்தினார்கள். கடைசியில் எல்லோரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

"இதுல நான் எந்த நம்பரைப் பிடிச்சுக்கணும்?"

இரண்டு நம்பரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். 59.3-லிருந்து 25.7-ஐக் கழித்தால் 33.6. நூறு பேரில் கிட்டத்தட்ட 34 பேரைப் பரிசோதனை பச்சைக் கட்டத்துக்கு நகர்த்தியிருக்கிறது. அப்படி நகர்த்தியதற்குக் கிடைத்த பலன், நூறு பேரில் கூடுதலாக மூன்று பேர்கூடத் தேறவில்லை. வண்ணம் சொல்வது உண்மையாக இருந்தால், 34 பேரை ஆகாத மருந்திலிருந்து ஆகும் மருந்துக்கு மாற்றினால் இதைவிட எவ்வளவோ நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால், மஞ்சளும் சிவப்பும் நோயாளி தேறுவதைப் பற்றி அவ்வளவாக எதையும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

என்னைக் கேட்டால் அந்தப் பேப்பரின் மையம் இதுதான். சுருக்கத்தில் இந்த இரண்டு எண்ணும் தனித்தனி வாக்கியத்தில் உட்கார்ந்திருப்பதால் கண்ணில் படுவதில்லை.

அந்த 2.8-ஐ ஒருவருக்குப் பலன் கிடைக்க எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று திருப்பிப் போட்டால் 36 வரும். இடைவெளியின் இரண்டு நுனியையும் திருப்பிப் போட்டால் 20-லிருந்து 160-க்கு மேல்வரை போகிறது. ஒரு பரிசோதனை பத்தாயிரம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கூடுதலாக ஒருவரைத் தேற்ற மூன்று லட்சத்து அறுபதாயிரம். அந்தப் பணத்துக்கு எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் என்னென்ன செய்யலாம் என்று மாணவி பட்டியல் போட ஆரம்பித்தார். அது வேறு ஜர்னல் கிளப் என்று நிறுத்தினேன்.

அந்த 2.8-உம் முழுக்க மரபணுவால் வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். கைடட் போல இங்கே நோயாளியின் கண்ணைக் கட்டவில்லை. தனக்கு அறிக்கை வந்தது நோயாளிக்குத் தெரியும். தேறினாரா என்று முடிவு செய்தது பிஎச்க்யூ-9, அதாவது நோயாளி தன் நிலையைத் தானே சொல்லும் ஒன்பது கேள்வி. மதிப்பெண்ணை வாங்கியவருக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டாலும், சொல்பவருக்குத் தெரியுமே. மனச்சோர்வில் வெறும் மாத்திரைக்கே கணிசமான பேர் தேறுவார்கள். 'உன் உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மருந்து இது' என்ற வார்த்தைக்கு அதைவிட வலு உண்டு. பலன் நடுவில் தெரிந்து பிறகு மங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல வேண்டும், அடித்துப் பேச வேண்டாம் என்றேன். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்: அந்த 1,944 பேரில் பெண்கள் கால்வாசிதான். எங்கள் வெளிநோயாளிப் பிரிவின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

கிளாஸ் காலியானது. எழுந்திருக்கும் நேரத்தில் மாணவி, "பச்சைனு வந்தா அதையாவது நம்பலாமா சார்?" என்றார். மறுபடி உட்கார்ந்தோம்.

இது நம் ஊருக்கே உரிய ஓட்டை. இங்கே யாருக்கு எந்த மாத்திரை எழுதினாலும் கூடவே ஒரு 'கேஸ் மாத்திரை' போகும். எழுதாவிட்டால் நோயாளியே மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்வார். அதில் ஒமிப்ரசோல் சிப்-2சி19-ஐ அடக்கும். இரண்டு நகலும் பழுதில்லாத ஒருவர் தினம் ஒமிப்ரசோல் விழுங்கினால் எஸ்சிட்டலோபிராமின் ரத்த அளவு ஏறத்தாழ பாதியளவு கூடும் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. மரபணு பச்சை, உடம்பு மஞ்சள். எச்சில் மாதிரியில் மாத்திரை டப்பா தெரியாது. ஃப்ளூஆக்ஸெடினும் பராக்ஸெடினும் சிப்-2டி6-ஐ இதேபோல அடக்கும். அதனால் எப்போதாவது இப்படி ஓர் அறிக்கையைப் படிக்க வேண்டி வந்தால், 'வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க, பையில இருக்குறதை எல்லாம் எடுத்து மேசையில வைங்க' என்பதை முதலில் கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பைசா செலவில்லை. பல தடவை அறிக்கையைவிட இது அதிகம் சொல்லும். பெரியவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு அடக்குவதற்கு என்சைமே இல்லை.

பரிசோதனை எங்குமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். சிறு அளவிலேயே ஒரே பாதையில் கழியும் இரண்டு மருந்துக்கும் தாங்க முடியாத பக்கவிளைவு வந்த ஒருவர், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்தை அளவு கூட்டிக் கொடுக்க வேண்டிய ஒருவர், இவர்களுக்கு அந்த இரண்டு என்சைமின் விவரம் கையில் இருந்தால் உதவும். அப்போதும் பார்க்க வேண்டியது நட்சத்திரக் குறி போட்ட வரி. வண்ணக் கட்டம் இல்லை. எந்த மரபணுவுக்கு எவ்வளவு எடை போட்டு அந்த வண்ணத்துக்கு வந்தார்கள் என்பதை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியில் சொல்வதில்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இன் கடைசியிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. இப்படிப்பட்ட அறிக்கையை மட்டும் பார்த்து மருந்தை மாற்றாதீர்கள், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றது.

நிறுத்தாதீர்கள் என்ற அந்தச் சொல்லில்தான் பெரியவர் இருக்கிறார்.

மறுநாள் அவரை மகனோடு வரச் சொன்னேன். மகன் போனில் வந்தார். அறிக்கையில் இருப்பது பொய்யில்லை என்பதை முதலில் சொன்னேன். இல்லையென்றால் மகனின் அக்கறையை மட்டம் தட்டியது போலாகிவிடும். உங்கள் கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகக் கழிக்கிறது. மற்றவர்களுக்கு 20-உம் 30-உம் செய்யும் வேலையை உங்களுக்கு 10 செய்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களுக்கு 5-இல் ஆரம்பித்து, இரண்டு வாரம் கழித்து, தேவைப்பட்டால் 10 ஆக்கலாம் என்றுதான் ஐரோப்பியக் குறிப்பேடும் சொல்கிறது. நாம் அறியாமலே அதைத்தான் செய்திருக்கிறோம். நீங்கள் தேறியும் விட்டீர்கள். தேறிய ஆளுக்கு எந்த வண்ணமும் மருந்தை மாற்றக் காரணம் ஆகாது.

"அப்ப சிவப்புன்னா?"

"பத்துக்கு மேல ஏத்தாதேன்னு அர்த்தம்னு வெச்சுக்குங்க."

மருந்து தேங்கினால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் க்யூடி என்ற இடைவெளி நீளலாம் என்பதால் ஓர் இசிஜி எடுத்தோம். இயல்பாக இருந்தது. சோடியமும் பார்த்தோம், வயதானவர்களுக்கு இந்த வகை மாத்திரையில் அது இறங்கும். அதுவும் சரியாக இருந்தது. மருந்துச்சீட்டில் பழைய வரியையே எழுதினேன்: எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், இரவு ஒன்று.

அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் திணிக்கப் பார்த்தார். மடிக்காதீர்கள், பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் கொடுக்கும் குளோபிடோக்ரல் என்ற மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதே இதே சிப்-2சி19 அதை மாற்றிக் கொடுத்த பிறகுதான். இரண்டு நகலும் பழுதானவரிடம் அது சரியாக மாறாது. ரத்தம் உறைவதை எதிர்பார்த்த அளவு தடுக்காது. இதற்காக எஃப்டிஏ 2010-இலேயே அந்த மருந்தின் குறிப்பேட்டில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. என்றைக்காவது நெஞ்சுவலி என்று போனால் இதய மருத்துவரிடம் முதலில் இந்தத் தாளை நீட்டுங்கள் என்று மகனுக்கும் சொன்னேன்.

பெரியவர் உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மனசுக்குன்னு எடுத்தது நெஞ்சுக்கு ஆகுதுங்களா" என்றபடி ரேஷன் கார்டு வைத்திருந்த பைக்குள் அதையும் சொருகிக்கொண்டார்.